நோட்டீஸ் பீரியட்ல கடைசி மாசம்: சின்ன கம்பெனி அக்கவுண்டன்ட் வேலையை ஒப்படைக்கறது எப்படி

கோயமுத்தூர் பக்கம் பம்ப் பார்ட்ஸ், மோட்டார், காஸ்டிங்னு சின்னதும் நடுத்தரமுமா நிறைய கம்பெனிங்க இருக்கு, அதுல ஆபீஸ்ல ஒரே ஒரு அக்கவுண்டன்ட் தான் இருப்பாங்க, டேலி என்ட்ரில இருந்து ஜிஎஸ்டி, பிஎஃப், சம்பளம், பேங்க் வரைக்கும் எல்லாம் அவங்க கைல. அப்படி ஒருத்தர் நோட்டீஸ் குடுத்துட்டு கடைசி மாசத்துல நின்னா எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியாது. முதல் தடவையா வேலை மாறப்போற தம்பி தங்கச்சிங்க இதை நிறைய கேக்கறதால கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

இந்த வேலைல முதல்ல மனசுல வாங்க வேண்டியது ஒண்ணு தான். நம்ம வேலை மாசத்துக்கு ஒரு சுத்து சுத்துது. 7ஆம் தேதி டிடிஎஸ் கட்டணும், 11 ஜிஎஸ்டிஆர்-1, 15 பிஎஃப்பும் இஎஸ்ஐயும், 20 ஜிஎஸ்டிஆர்-3பி. கடைசி மாசத்துல இந்த ஒவ்வொரு தேதியும் ஒரே ஒரு தடவை தான் வரும். அந்த ஒரு தடவையை நீங்களே பண்ணிட்டு "பாத்துக்கோ"ன்னு சொன்னீங்கன்னா, வர்றவங்களுக்கு முதல் தடவை சொந்தமா பண்றது நீங்க போனதுக்கு அப்புறம் தான் நடக்கும். அதனால எந்தத் தேதில மவுஸ் யார் கைல இருக்கணும்ங்கறதை முடிவு பண்றது தான் இங்க பிளானிங்கே.

ஒரு உதாரணத்தோட போறேன். செப்டம்பர் கடைசில நோட்டீஸ் குடுத்தாச்சு, அக்டோபர் 31 கடைசி நாள்னு வச்சுக்குங்க. கம்பெனில ஒரு நாப்பது பேர் வேலை பாக்கறாங்க, டர்னோவர் 5 கோடிக்கு மேல அதனால இ-இன்வாய்ஸ் உண்டு, மாசாமாசம் ஜிஎஸ்டி ஃபைலிங். புதுசா வர்ற பொண்ணு 8ஆம் தேதி தான் சேருது, முன்னாடி ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாத்த பொண்ணு, டேலி தெரியும், கம்பெனி பழக்கம் தெரியாது. எல்லா இடத்துலயும் கிட்டத்தட்ட இப்படித்தான் அமையும், ஆள் ஒண்ணாம் தேதியே வந்து உக்காந்தா அது அதிர்ஷ்டம்.

ஆள் வர்றதுக்கு முன்னாடி: முதல் வாரம்

ஆள் இன்னும் வரலையேன்னு காத்திருக்க வேண்டாம், இந்த வாரம் உங்களோட வாரம். ஒரு எக்செல் ஷீட் போடுங்க, நாலு காலம் போதும். எந்தத் தேதி, என்ன வேலை, அதுக்கான டேட்டா எங்க இருந்து வருது, சரியா வந்திருக்குன்னு எப்படித் தெரியும். முதல் மூணும் எல்லாரும் எழுதுவாங்க. நாலாவதை யாரும் எழுத மாட்டாங்க, ஆனா புதுசா வர்றவங்களைக் காப்பாத்தறது அது தான்.

ஜிஎஸ்டிஆர்-1க்கு அந்த நாலாவது காலத்துல நான் எழுதறது இது: டேலில அந்த மாச சேல்ஸ் ரிஜிஸ்டர் டோட்டல், இ-இன்வாய்ஸ் போர்ட்டல்ல இருந்து தானா வந்து விழுந்த டோட்டல், அதோட கிரெடிட் நோட்டு, இ-இன்வாய்ஸ் போடத் தேவையில்லாத சில்லறை பில்லு இருந்தா அது, எல்லாம் சேந்து ஒத்துப்போகணும். ஒத்துப்போகலைன்னா முதல்ல கேன்சல் பண்ணின இன்வாய்ஸைத் தேடு, போர்ட்டல்ல கேன்சல் ஆகி டேலில அப்படியே நிக்கும், இல்ல அதுக்கு நேர்மாறா இருக்கும். இந்த மாதிரி ரெண்டு வரி. பிஎஃப்புக்கு என்னன்னா, சம்பள ஷீட்ல பிஎஃப் பிடிச்ச ஆளுங்க எண்ணிக்கையும் அப்லோட் பண்ற ஃபைல்ல இருக்கற எண்ணிக்கையும் ஒண்ணா இருக்கணும், இல்லைன்னா இந்த மாசம் யாரோ புதுசா சேந்திருக்காங்க அவங்க யுஏஎன் இன்னும் லிங்க் ஆகலை.

அடுத்தது வாய்க்கணக்கு. ஒவ்வொரு கம்பெனிலயும் முதலாளி வாய்ல சொல்லி, நீங்க மண்டைல வச்சிருக்கற ஏற்பாடுங்க நிறைய இருக்கும். இந்த சப்ளையருக்கு பில் வந்து 15 நாள்ல குடுத்துடணும், அந்தக் கஸ்டமருக்கு மாசக் கடைசில ரேட் டிஃபரன்ஸ் கிரெடிட் நோட்டு போகும், லேபர் கான்ட்ராக்டருக்குக் குடுத்த அட்வான்ஸை மாசம் இவ்வளவுன்னு பிடிக்கணும், டிரான்ஸ்போர்ட்காரர் டிக்ளரேஷன் குடுத்திருக்கார் அதனால டிடிஎஸ் பிடிக்கறதில்லை. இதெல்லாம் டேலிய எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. நீங்க போன அடுத்த மாசம் கான்ட்ராக்டர் வந்து "எனக்கு அட்வான்ஸ் எதுவும் பாக்கி இல்லம்மா"ன்னு சொன்னா அந்தப் பொண்ணு என்ன பண்ணும்? அதனால ஒவ்வொண்ணையும் எழுதி, முதலாளிகிட்ட ஒரு சாயங்காலம் உக்காந்து வாசிச்சுக் காமிச்சு, ஆமாங்கறதுக்கு ஒரு கையெழுத்து வாங்குங்க. "சார், இது புது ஆளுக்காக"ன்னு சொன்னா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, பல சமயம் அவரே மறந்துபோன ரெண்டு மூணு ஏற்பாடு அப்போ தான் வெளிய வரும்.

7ஆம் தேதி டிடிஎஸ் நீங்க தான் கட்டியாகணும், வேற வழி இல்ல. கட்டும்போது ஒவ்வொரு ஸ்கிரீனையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வரிசையா ஒரு ஃபோல்டர்ல போட்டுடுங்க, அப்புறம் தேவைப்படும்.

11லருந்து 20 வரைக்கும்: மவுஸை மாத்தறது

பொண்ணு 8ஆம் தேதி சேந்துது. அன்னிக்கே டேலில அதுக்குன்னு தனி யூசர் போட்டுக் குடுத்துடுங்க. உங்க லாகின்ல உக்காந்து கத்துக்கிட்டா எந்த என்ட்ரி யார் போட்டதுன்னு பின்னாடி பிரிக்கவே முடியாது, அது உங்களுக்கும் நல்லதில்ல அதுக்கும் நல்லதில்ல. இ-இன்வாய்ஸ் போர்ட்டல்லயும் இ-வே பில் போர்ட்டல்லயும் சப்-யூசர் போடற வசதி இருக்கு, அதையும் பண்ணிடுங்க.

11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 நீங்க பண்ணுங்க, அந்தப் பொண்ணு பக்கத்துல உக்காந்து பாக்கட்டும். ஆனா வாய் பேசிக்கிட்டே பண்ணுங்க, ஏன் இந்த நம்பரைப் பாக்கறேன், எதை எதோட ஒப்பிடறேன்னு. 15ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ அது பண்ணட்டும், நீங்க பக்கத்துல உக்காருங்க, அந்தப் பொண்ணு கேட்டா மட்டும் சொல்லுங்க. 20ஆம் தேதிக்கான 3பியை 16, 17லயே அதை தனியா பண்ணச் சொல்லிட்டு நீங்க வேற சீட்டுக்குப் போயிடுங்க, முடிச்சுட்டு ஃபைல் பண்றதுக்கு முன்னாடி கூப்பிடட்டும். ரெண்டு மூணு நாள் கையிருப்பு இருக்கறதால தப்பு வந்தாலும் திருத்த நேரம் இருக்கும்.

3பிய இதுக்கு எடுத்ததுக்கு காரணம் இருக்கு, யோசிக்க வேண்டிய இடம் இதுல தான் அதிகம். 14ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி வரும், அதை நம்ம பர்ச்சேஸ் ரிஜிஸ்டரோட வச்சுப் பாக்கணும். உதாரணத்துக்கு டேலில செப்டம்பர் மாச இன்புட் 4,12,600 ரூபா, 2பில 3,86,150 தான் இருக்குன்னு வைங்க. 26,450 இடிக்குது. இந்த வித்தியாசத்தை நீங்க கண்டுபிடிச்சுக் குடுக்காதீங்க, உங்களுக்கு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும்னாலும் கூட. அது தேடட்டும். ஒரு மணி நேரம் கழிச்சு, ஒரு சப்ளையர் ரிட்டர்னே போடலை அதுல 21,600, இன்னொரு சப்ளையர் ஜிஎஸ்டி நம்பரைத் தப்பாப் போட்டு வேற யார் கணக்குலயோ ஏத்திட்டார் அதுல 4,850ன்னு வந்து சொல்லும். அதுக்கு அப்புறம் தான் நீங்க பேசணும்: 2பில இருக்கறதை மட்டும் தான் இந்த மாசம் எடுக்கணும், முதல் சப்ளையருக்கு போன் பண்ணணும், அவர் வழக்கமா லேட் பண்றவர், அவருக்கு பேமென்ட் போடறதுக்கு முன்னாடி முதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கணும், ரெண்டாவது ஆள் நல்லவர், அடுத்த மாச ரிட்டர்ன்ல திருத்திடுவார். யார் எப்படிப்பட்டவங்கங்கற இந்தத் தகவல் தான் எந்த ஷீட்லயும் எழுத முடியாதது, இப்படி ஒரு நிஜ வேலைக்கு நடுவுல தான் சொல்ல முடியும்.

ஜிஎஸ்டிஆர்-1ல ஏதாவது விட்டுப்போச்சுன்னு 3பி பாக்கறப்போ தெரிஞ்சா பதற வேண்டாம், 3பி ஃபைல் பண்றதுக்கு முன்னாடி ஜிஎஸ்டிஆர்-1ஏ போட்டு திருத்திக்கலாம். இதையும் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லி வைங்க.

பொண்ணு வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சுபோன டிடிஎஸ்ஸை எப்படிக் கத்துக் குடுக்கறது? 20ஆம் தேதி முடிஞ்சதும் பழைய மாச டேட்டாவைக் குடுத்து திரும்பப் பண்ணச் சொல்லுங்க. யார் யாருக்கு எந்த ரேட்ல பிடிக்கணும்னு முதல்ல இருந்து கணக்குப் போட்டு, நீங்க கட்டின சலான் தொகையோட ஒத்து வருதான்னு பாக்கட்டும், போர்ட்டல்ல என்ன வரும்ங்கறதுக்கு நீங்க எடுத்து வச்ச ஸ்கிரீன்ஷாட் இருக்கு. அதுவும் போக அக்டோபர் 31க்குள்ள ஜூலை-செப்டம்பர் காலாண்டு டிடிஎஸ் ரிட்டர்ன் போகணும், அது உங்க கடைசி நாள் அன்னிக்கே வருது பாருங்க. அந்த நாளுக்கு எதையும் வைக்காதீங்க. 24ஆம் தேதிக்குள்ள அந்தப் பொண்ணு டேட்டா ரெடி பண்ணி ஆடிட்டருக்கு அனுப்பிடணும்னு பேசி வச்சுக்குங்க, லேட் ஆச்சுன்னா நாளுக்கு 200 ரூபா ஃபீஸ்.

ஓடிபி யார் போனுக்கு வருது

நான் பாத்ததுல நிறைய இடத்துல மாட்டிக்கறது இங்க தான். ஜிஎஸ்டி ரிஜிஸ்ட்ரேஷன் எடுத்தப்போ முதலாளி பிஸி, உங்க நம்பரைக் குடுத்துட்டீங்க, இல்ல உங்களுக்கு முன்னாடி இருந்தவர் அவர் நம்பரைக் குடுத்திருப்பார். வருமான வரி போர்ட்டல், பிஎஃப், இஎஸ்ஐ, இ-வே பில், பேங்க், மின்வாரிய பில் வரைக்கும் இதே கதை. நீங்க போன பிறகு 11ஆம் தேதி ராத்திரி ஒம்பது மணிக்கு "அண்ணா ஒரு ஓடிபி வந்திருக்கும்"னு போன் வரும். நீங்க புது ஆபீஸ்ல மீட்டிங்ல இருப்பீங்க.

ஒரு பட்டியல் எடுங்க, ஒவ்வொரு போர்ட்டலுக்கும் எந்த மொபைல், எந்த ஈமெயில். உங்க சொந்த நம்பர் இருக்கற எல்லா இடத்துலயும் முதலாளி நம்பரோ, அதை விட நல்லது, ஆபீஸ்க்குன்னு ஒரு தனி சிம்மோ போடச் சொல்லுங்க. புதுப் பொண்ணோட சொந்த நம்பரைப் போட வேண்டாம், நாளைக்கு அதுவும் நோட்டீஸ் குடுக்கும். ஜிஎஸ்டில இதை மாத்தற இடம் Services > Registration கீழ Amendment of Registration Non-Core Fields, அதுல Authorized Signatory டேப். இதுக்கு அதிகாரி ஒப்புதல்னு காத்திருக்க வேண்டியதில்லை, ஆனா பிரைவேட் லிமிடெட்னா டிஎஸ்சி போட்டுத் தான் சப்மிட் பண்ணணும். பேங்க் தான் இழுக்கும். பணம் அனுப்பற யூசரை மாத்தறதுக்கு லெட்டர், கம்பெனின்னா போர்டு ரெசல்யூஷன்னு கேப்பாங்க, அதனால பேங்க் லெட்டர் முதல் வாரத்துலயே போயிடணும், 25ஆம் தேதி ஆரம்பிச்சா முடியாது.

டிஎஸ்சி டோக்கன் உங்க டிராயர்ல தான் கிடக்கும், எனக்குத் தெரியும். அது முதலாளியோட கையெழுத்து. அதை அவர் கையில குடுத்து, எந்தத் தேதில குடுத்தேன், எப்போ எக்ஸ்பைரின்னு எழுதி கையெழுத்து வாங்கிக்குங்க. அவர் திரும்ப அதை புதுப் பொண்ணுகிட்ட குடுக்கறதா வேண்டாமான்னு அவர் முடிவு பண்ணட்டும், நீங்க நேரா மாத்தி விடாதீங்க. அடுத்த ரெண்டு மாசத்துக்குள்ள எக்ஸ்பைரி ஆகறதா இருந்தா நீங்க இருக்கும்போதே புதுப்பிச்சு ஜிஎஸ்டிலயும் பிஎஃப்லயும் ரிஜிஸ்டர் பண்ணிடுங்க.

எல்லாம் மாத்தினதுக்கு அப்புறம் ஒரு டெஸ்ட். 22, 23 தேதி வாக்குல ஒரு நாள் காலைல உங்க போனை சுவிட்ச் ஆஃப் பண்ணிட்டு, அந்தப் பொண்ணை எல்லா போர்ட்டல்லயும் லாகின் பண்ணச் சொல்லுங்க, ஒரு இ-வே பில் போடச் சொல்லுங்க, பேங்க்ல ஒரு சின்ன பேமென்ட் ஏத்தச் சொல்லுங்க. எங்க நிக்குதோ அங்க தான் வேலை பாக்கி. இதைப் பண்ணாம "எல்லாம் மாத்தியாச்சு"ன்னு நம்பாதீங்க, கண்டிப்பா ஏதோ ஒண்ணு நிக்கும்.

பாக்கி வேலைங்களை என்ன பண்றது

கடைசி பத்து நாள்ல எல்லாத்தையும் முடிச்சுக் குடுத்துட்டுப் போயிடணும்னு ஒரு வேகம் வரும். அந்த வேகம் தான் ஆபத்து. முக்கியமா சஸ்பென்ஸ் அக்கவுண்ட். யார் அனுப்பினதுன்னு தெரியாம வந்த பணம், எதுக்குப் போச்சுன்னு தெரியாத பேங்க் சார்ஜ்னு அதுல ஒரு தொகை நின்னுட்டிருக்கும், அதை ஜீரோ ஆக்கிக் காட்டணும்னு கடைசி வாரத்துல ஜர்னல் என்ட்ரி போட்டு எங்கயாவது தள்ளிடாதீங்க. அது அப்படியே இருக்கட்டும், ஒவ்வொரு தொகைக்கும் எதிர்ல இது வரைக்கும் என்ன தேடினேன், யாரைக் கேட்டேன்னு ஒரு வரி எழுதி வைங்க. திறந்து கிடக்கற கேள்வியை அடுத்த ஆள் கண்டுபிடிச்சுக்கலாம், தப்பா மூடின கேள்வியை ஆடிட்ல தான் கண்டுபிடிப்பாங்க, அப்போ உங்க பேரு தான் அடிபடும். பழைய வராத கடனை ரைட் ஆஃப் பண்றதும் அதே மாதிரி, அதைச் சொல்ல வேண்டியது முதலாளியும் ஆடிட்டரும்.

எதை முடிக்கணும்னா, நீங்க மட்டுமே முடிக்கக்கூடியதை. நீங்க போன்ல பேசி வச்ச கஸ்டமர் பேலன்ஸ் கன்ஃபர்மேஷன், நீங்க பதில் எழுதிட்டிருக்கற ஜிஎஸ்டி நோட்டீஸ், கைல இருக்கற பின்தேதி செக்குங்க லிஸ்ட். நோட்டீஸ் விஷயத்துல மட்டும், பதில் குடுக்க வேண்டிய கடைசி தேதியை கொட்டை எழுத்துல எழுதி ஆடிட்டருக்கும் ஒரு காப்பி அனுப்பிடுங்க. பாதில நிக்கற மத்த வேலைக்கெல்லாம் எது வரைக்கும் ஆச்சு, அடுத்து யார் என்ன பண்ணணும்னு மூணு வரி போதும்.

கணக்குக்கு ஒரு கோடு போடுங்க. 31ஆம் தேதி வரைக்கும் நானே பாத்துக்கறேன்னு சொன்னா முடியாது, 31ஆம் தேதி பேங்க் ஸ்டேட்மென்ட் முழுசா அடுத்த நாள் தான் வரும். அதனால 25னு வச்சுக்குங்க. 25 வரைக்கும் எல்லா பேங்க் அக்கவுண்டும் ரிகன்சைல் பண்ணி, பிஆர்எஸ் பிரின்ட் எடுத்து, டேலி பேக்கப் எடுத்து ஒரு காப்பி முதலாளிகிட்ட குடுத்து, பெட்டி கேஷை மூணு பேர் முன்னாடி எண்ணி கையெழுத்துப் போட்டாச்சு. 26லருந்து எல்லா என்ட்ரியும் அந்தப் பொண்ணு போடுது, நீங்க பாக்கறீங்க, அவ்வளவு தான். இந்தக் கோடு இருந்தா பின்னாடி எந்தப் பேச்சு வந்தாலும் ரெண்டு பேருக்கும் பாதுகாப்பு.

நீங்க போனதுக்கு அப்புறம் வர்ற விஷயங்கள்

அக்டோபர்ங்கறதால ஒண்ணைச் சொல்றேன். இஎஸ்ஐல ஏப்ரல்-செப்டம்பர் ஒரு காலம், அக்டோபர்-மார்ச் அடுத்த காலம். நடுவுல யாருக்காவது சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டி இருந்தாலும் அந்தக் காலம் முடியற வரைக்கும் பிடிச்சுட்டுத் தான் இருப்போம், அக்டோபர் சம்பளத்துல தான் அவங்க வெளிய வருவாங்க. அந்தச் சம்பளம் போடறது நீங்க போன பிறகு. ஜூலைல சம்பளம் ஏத்தின ஆளுங்க யாருன்னு அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்? பேரோட எழுதிக் குடுத்துட்டுப் போங்க. தீபாவளி போனஸும் அப்படித்தான், 8.33 சதவீதமா அதுக்கு மேலயா, போன வருஷம் எதை வச்சுக் கணக்குப் போட்டோம், நடுவுல சேந்தவங்களுக்கு எப்படின்னு பழைய ஷீட்டோட விளக்கி வைங்க, போனஸ்ல பத்து ரூபா குறைஞ்சாலும் ஷாப்ல பேச்சு ஆகிடும். உங்க வேலைல இந்த மாதிரி வருஷத்துக்கு ஒரு தடவை வர்றது எது எதுன்னு போன வருஷ காலண்டர், மெயில் ரெண்டையும் புரட்டிப் பாத்து எடுங்க. ஞாபகத்துல இருந்து எழுதினா பாதி விட்டுப்போகும்.

கடைசி நாளுக்குப் பிறகு எவ்வளவு நாள் உதவி பண்ணுவீங்கன்னு முன்னாடியே பேசிடுங்க. நவம்பர் 20 வரைக்கும்னு சொல்லுங்க, அதுக்குள்ள அந்தப் பொண்ணு ஒரு முழு சுத்தை தனியா முடிச்சுடும். கேள்வியை எல்லாம் சேத்து வச்சு சாயங்காலம் ஒரு தடவை கேக்கட்டும். பாஸ்வேர்ட் வாங்கி வச்சுக்கிட்டு வீட்ல இருந்து லாகின் பண்ணி உதவறது மட்டும் வேண்டவே வேண்டாம், கடைசி நாள் சாயங்காலம் உங்க டேலி யூசர், பேங்க் யூசர் எல்லாம் எடுத்தாச்சான்னு நீங்களே கேட்டு உறுதி பண்ணிக்குங்க.

அப்புறம் உங்க விஷயம். ஒப்படைப்பு பட்டியல்ல மூணு பேர் கையெழுத்துப் போட்ட ஒரு காப்பி, ரிலீவிங் லெட்டர், பாக்கி சம்பளம், லீவு கணக்கு. உங்க பிஎஃப்ல வெளியேறின தேதியைப் போட வேண்டியது இனிமே அந்தப் பொண்ணு தான், அதை அந்த நாலு காலம் ஷீட்ல நவம்பர் வரிசைல நீங்களே சேத்து வச்சுடுங்க. விட்டுப்போனா புது கம்பெனிக்கு பிஎஃப் மாத்தறப்போ தடங்கல் வரும், கடைசி பங்களிப்பு மாசம் முடிஞ்சு ரெண்டு மாசம் காத்திருந்து மெம்பர் போர்ட்டல்ல நீங்களே போட்டுக்க வேண்டி வரும்.